மௌன அநுமதி: ஆலை மூடலும் 60 நாள் காலவரையறையும்

பிரஜை ஒருவர் முறைப்படி விண்ணப்பம் செய்து, அதன்மீது முடிவு சொல்வதற்கென்று சட்டம் வகுத்த நாட்கள் கழிந்த பின்னும் அதிகாரி வாய் திறவாதிருப்பின், அந்த மௌனத்துக்குச் சட்டமே ஒரு பொருளை ஏற்றிவைத்து, கேட்டது கொடுக்கப்பட்டதாகவோ மறுக்கப்பட்டதாகவோ கொள்ளுகின்ற ஏற்பாடு பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. கொடுக்கப்பட்டதாகக் கொள்ளும் வகையே மௌன அநுமதி. இந்தியாவில் இது நீண்ட வழக்காடலுக்கு இடமாகி, ஆயிரக்கணக்கானோரின் ஜீவனத்தைத் தொட்டு நின்ற துறை தொழிற்சாலை மூடல். ஆகவே அதன் சரித்திரத்தையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

மௌனத்துக்குப் பொருள் கற்பிக்கும் வழக்கம் முதலில் மறுப்பின் பக்கமே சாய்ந்திருந்தது. பிரான்ஸ் தேசத்தில், சர்க்காரின் முடிவு ஒன்று இருந்தாலன்றி நிர்வாக நியாயஸ்தலத்தை அணுக முடியாது என்ற நிலையில், பதிலே சொல்லாமலிருந்து வழக்கைத் தடுத்துவிடும் சாமர்த்தியம் அதிகாரிகளுக்குக் கைவந்திருந்தது. நான்கு மாதம் பதில் இல்லையேல் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று 1900ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிதி செய்தது இந்த அடைப்பை நீக்குவதற்காகத்தான். மறுப்பு என்று கொண்டதனால் விண்ணப்பதாரருக்கு நஷ்டமில்லை; நியாயஸ்தலத்தின் கதவு திறந்தது. நம் நாட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 30 நாளில் தகவல் வராவிடில் அது மறுக்கப்பட்டதாகக் கொண்டு மேல்முறையீட்டுக்கு வழிவிடுவதும் இதே நோக்கத்தால்.

ஆலை மூடல் விஷயத்தில் இந்தியச் சட்டம் எதிர்த்திசையில் சென்றது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1972இல் சேர்ந்த திருத்தத்தின்படி, மூட விரும்பும் முதலாளி 60 நாள் முன்னதாகச் சர்க்காருக்கு அறிவிப்புக் கொடுத்தால் போதும், அநுமதி தேவையில்லை. நெருக்கடி நிலை அமலிலிருந்த 1976இல் ஐந்தாம்-ஆ அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் முன்அநுமதி கட்டாயமாயிற்று. இதில் ஒரு விசித்திரமான வேறுபாடு இருந்தது. ஆட்குறைப்பைப் பற்றிய 25-ந பிரிவு, மூன்று மாதத்துக்குள் பதில் வராவிடில் அநுமதி கிடைத்ததாகக் கொள்ளும்படி கூறிற்று. மூடலைப் பற்றிய 25-ஓ பிரிவோ சர்க்கார் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே இல்லை.

இந்தக் குறையை உச்சநீதிமன்றம் 1978இல், பம்பாயிலிருந்த எக்ஸெல் வேர் என்ற ஆடைத் தொழிற்சாலையின் வழக்கில் எடுத்துக் காட்டியது. மறுப்புக்குக் காரணம் எழுதவேண்டுமென்ற கட்டாயமில்லை, மேல்முறையீடு இல்லை, மௌனத்துக்கு விடையும் இல்லை என்றிருந்த 25-ஓ பிரிவு, தொழில் நடத்தும் உரிமையை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகிறது என்று தீர்ப்பாயிற்று. பின்னர் 1982இல் இயற்றப்பட்டு 1984இல் அமலுக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவைப் புதிதாக வார்த்தது. ஆட்குறைப்புப் பிரிவு செல்லும் என்று மதுரை மீனாட்சி மில் தொழிலாளர் வழக்கில் 1992இலும், புதிய மூடல் பிரிவு செல்லும் என்று ஒரிஸ்ஸா டெக்ஸ்டைல் வழக்கில் 2002இலும் அரசியல் சாசன அமர்வுகள் தீர்ப்பளித்தன.

புதிய பிரிவின்படி, மூடுவதற்குக் குறைந்தது 90 நாள் முன்னதாக, காரணங்களைத் தெளிவாகக் கூறி முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். அதன் நகலைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் அப்போதே சேர்ப்பிக்க வேண்டும். சர்க்கார் விசாரணை செய்து, இரு தரப்பையும் கேட்டு, சொல்லப்பட்ட காரணம் உண்மையானதா, போதுமானதா என்று பார்த்து, எழுத்து மூலமான காரணங்களுடன் உத்தரவிட வேண்டும். விண்ணப்பித்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் அவ்வுத்தரவு தெரிவிக்கப்படாவிடில் அநுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும். கோப்பில் கையெழுத்தாகிவிட்டது என்பது போதாது. தெரிவித்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் வாசகம். அநுமதியில்லாமல் மூடினாலோ அந்த மூடல் சட்டவிரோதம். ஆலை மூடப்படாதது போலவே தொழிலாளர் சகல சலுகைகளுக்கும் உரியவராவர். எனவே 60ஆம் நாள் வந்ததா இல்லையா என்ற கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இக்கேள்வி எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதற்கு ஹரிநகர் சர்க்கரை ஆலைக் கம்பெனியின் வழக்கு நல்ல உதாரணம். மும்பையில் அக்கம்பெனியின் பிஸ்கட் பிரிவு பல்லாண்டுகளாக மற்றொரு பெருங்கம்பெனிக்கே பிஸ்கட் செய்து கொடுத்துவந்தது. அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வரவே, மூட அநுமதி கேட்டு 2023 ஆகஸ்ட் 28இல் விண்ணப்பித்தது. செப்டம்பரில் மகாராஷ்டிர சர்க்காரின் துணைச் செயலாளர் ஒருவர், விண்ணப்பத்தைத் திருத்தி மறுபடியும் சமர்ப்பிக்கும்படி எழுதினார். மறுசமர்ப்பணம் வந்தால்தான் நாட்கணக்கு தொடங்கும் என்று சர்க்கார் தரப்பும், முதல் விண்ணப்பமே பூரணமானது என்று கம்பெனியும் வாதித்தன. அந்தக் கடிதம் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற தகுந்த சர்க்காரின் செயல் அன்று, விண்ணப்பத்திலும் குறையில்லை, ஆகவே முதல் தேதியிலிருந்தே 60 நாள் ஓடி 2023 அக்டோபர் 27இல் அநுமதி தானாகவே விளைந்துவிட்டது என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பிவிட்டால் காலம் நின்றுவிடும் என்று நம்பியிருக்கும் அலுவலகங்கள் கவனிக்கவேண்டிய தீர்ப்பு இது.

சட்டத்தின் தர்க்கப்படி இது சரியே. ஆனால் வீடு கட்ட அநுமதி கேட்டவர் விஷயத்தில் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதற்கும், ஆலையை மூடக் கேட்டவர் விஷயத்தில் அவ்வாறு கொள்வதற்கும் பெரிய பேதம் உண்டு. இங்கே சோம்பியிருந்தவர் அதிகாரி, பலனடைபவர் முதலாளி, பிழைப்பை இழப்பவரோ, அந்தச் சோம்பலில் யாதொரு பங்குமில்லாத மூன்றாமவர். இரு தரப்பையும் கேட்டு, காரணம் எழுதி முடிவு செய்யவேண்டும் என்று தொழிலாளருக்குச் சட்டம் அளித்த காப்பு முழுவதும் மௌனத்தில் கரைந்துபோகிறது. மறுபரிசீலனை கோரும் உட்பிரிவுகூட, சர்க்கார் பிறப்பித்த உத்தரவைப் பற்றித்தான் பேசுகிறது. உத்தரவே பிறவாதபோது எதை மறுபரிசீலனை செய்வது? தொழிலாளருக்கு மிஞ்சுவது, பூர்த்தியான ஒவ்வொரு வருஷ சேவைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற நஷ்டஈடு. உத்தரவால் வந்த அநுமதிக்கும் மௌனத்தால் வந்த அநுமதிக்கும் அது ஒன்றே. காலவரையறை தவறிய அதிகாரிக்கு இந்தப் பிரிவு எவ்விதத் தண்டனையும் விதிக்கவில்லை. இதைச் சட்டத்தின் பெருங்குறை என்றே சொல்லவேண்டும்.

2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 1984 முதல் 100 பேராக இருந்த எல்லையை மறுபடியும் 300 ஆக உயர்த்தி, 60 நாள் மௌன அநுமதியை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகையால் மூடல் விண்ணப்பத்தின் நகல் கையில் வந்தவுடன் தொழிற்சங்கத்தார் அதன் தேதியைக் குறித்துக்கொண்டு, தங்கள் ஆட்சேபணையை எழுத்து மூலம் சமர்ப்பித்து, விசாரணைக்கு நாள் குறிக்கும்படி முதல் வாரத்திலேயே சர்க்காரை வற்புறுத்த வேண்டும். 60ஆம் நாளுக்குப் பிறகு செய்யும் ஆட்சேபணை எவ்வளவு நியாயமானதாயினும் காலங்கடந்ததாகவே முடியும்.