75 பெருசா, 80 பெருசா? சரக்கு பாட்டில் லேபிளில் இருக்கும் எண்ணின் கதை

மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பக்கம் இருப்பவங்களுக்கு ஒரு விஷயம் நல்லா தெரியும். நம்ம ஊர்ல தமிழ்நாட்டு பாட்டிலும் பார்க்கலாம், ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளியில் கர்நாடகா பாட்டிலும் பார்க்கலாம். "அந்தப் பக்கம் சரக்கு லைட்டு டாக்டர், நம்ம சரக்குதான் ஸ்ட்ராங்கு"ன்னு சொல்றவங்களும் உண்டு, நேர்மாறா சொல்றவங்களும் உண்டு. அடுத்த முறை ரெண்டு பக்கத்து பிராந்தி, விஸ்கி லேபிளையும் படிச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும்: 42.8%. பக்கத்திலேயே சில லேபிள்களில் 75 டிகிரி ப்ரூஃப் அல்லது 25 டிகிரி யு.பி. என்றும் போட்டிருக்கும்.

42.8ம் 75ம் ஒரே பாட்டிலில் எப்படி? இந்த த்ரெட் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதலில் சதவீதம். 42.8% என்றால் 100 மில்லி சரக்கில் 42.8 மில்லி சுத்தமான ஆல்கஹால். அவ்வளவுதான், குழப்பமே இல்லை. குழப்பம் எல்லாம் ப்ரூஃப் என்ற சொல்லில்தான்.

பழைய இங்கிலாந்தில் சாராயத்துக்கு வரி போடணும். தண்ணி கலந்ததா, கெட்டியானதா என்று எப்படி கண்டுபிடிப்பது? வெடிமருந்துத் தூளை சாராயத்தில் நனைத்து தீ வைப்பார்களாம். சாராயம் எரிந்து முடிந்ததும் மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு தேறியது, அதாவது ப்ரூஃப் ஆனது. ஈரமாகி நமத்துப் போனால் தண்ணி அதிகம், "அண்டர் ப்ரூஃப்". லேபிளில் இருக்கும் யு.பி. அதோட சுருக்கம்தான். எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறிவிடும் என்பதால், இதை வைத்து வரி போட்டால் தகராறுதான் மிஞ்சும்.

அதனால் ஹைட்ரோமீட்டர் வந்தது. பால் ஊற்றும் இடத்தில் லாக்டோமீட்டர் பார்த்திருப்பீங்க, அதே தத்துவம். ஆல்கஹால் தண்ணியை விட லேசு. ஆல்கஹால் கூடக்கூட மிதப்பான் ஆழமாக இறங்கும். பார்த்தலோமியூ சைக்ஸ் என்ற கலால் அதிகாரி செய்த ஹைட்ரோமீட்டரை ஆங்கிலேய அரசு ஏற்றுக்கொண்டு, 1818 சட்டத்தில் ப்ரூஃப் என்பதற்கு ஒரு கணக்கும் எழுதி வைத்தது. 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதே அளவு தண்ணியின் எடையில் 13ல் 12 பங்கு எடை இருந்தால் அது ப்ரூஃப் சரக்கு. அதுதான் 100 டிகிரி. இன்றைய கணக்கில் சுமார் 57.1% ஆல்கஹால்.

51 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் நம்ம கணக்கில் பத்தரை டிகிரி செல்சியஸ். லண்டன் குளிர். சேலத்து வெயிலில் சரக்கு விரியும், லேசாகும், மிதப்பான் இன்னும் ஆழமாக இறங்கி "ஸ்ட்ராங்" என்று பொய் சொல்லும். அதனால்தான் ஹைட்ரோமீட்டரோடு தெர்மாமீட்டரையும் ஒரு அட்டவணையையும் சேர்த்தே வைத்திருப்பார்கள்.

அந்த முறை அப்படியே கப்பலேறி இங்கே வந்து, கலால் கணக்கில் உட்கார்ந்துவிட்டது. நம்ம பகுதிக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டம்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம்.

சுதந்திரம் வந்தது, லிட்டர் வந்தது, ஆனா ப்ரூஃப் போகவில்லை. "ப்ரூஃப் லிட்டர்" என்று அளவை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். 750 மில்லி பாட்டில் 12 இருக்கும் ஒரு பெட்டியில் 9 லிட்டர் சரக்கு. அது 75 டிகிரி என்பதால் கலால் கணக்கில் 6.75 ப்ரூஃப் லிட்டர். குடிப்பவர் பார்ப்பது ஒரு எண், வரிக் கணக்கு பார்ப்பது இன்னொரு எண். இங்கிலாந்தே 1980ல் இந்த ப்ரூஃபை கைவிட்டு சதவீதத்துக்குப் போய்விட்டது!

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அவங்க இந்த 13ல் 12 தலைவலி எல்லாம் வேண்டாம் என்று 50% ஆல்கஹாலை 100 ப்ரூஃப் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் அமெரிக்க ப்ரூஃபை பாதியாக்கினால் சதவீதம். பிரிட்டிஷ் ப்ரூஃபை, அதாவது நம்ம லேபிளில் இருப்பதை, 4ஆல் பெருக்கி 7ஆல் வகுக்கணும்.

இப்ப ஒரு கணக்கு. அமெரிக்காவிலிருந்து மச்சான் வருகிறார், கையில் "80 ப்ரூஃப்" பாட்டில். நம்ம ஊர் பாட்டிலில் 75. எது ஸ்ட்ராங்? 80 என்று சொல்லத் தோணும். ஆனா 80ல் பாதி 40%. நம்ம 75ஐ 4ஆல் பெருக்கினால் 300, அதை 7ஆல் வகுத்தால் 42.8%. நம்ம ஊர் சரக்குதான் ஸ்ட்ராங். இதே 40% சரக்கு பழைய இங்கிலாந்து லேபிளில் "70 ப்ரூஃப்" என்றிருக்கும். ஒரே திரவத்துக்கு ஒரு நாட்டில் 70, இன்னொரு நாட்டில் 80. எந்த நாட்டு பாட்டிலானாலும் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுங்க, ப்ரூஃபை விட்டுடுங்க.

ஒரு டாக்டருக்கு இதில் என்ன வேலை? எனக்கு வேண்டியது கிராம் கணக்கு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8% என்றால் 77 மில்லி ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணியை விட லேசு என்பதால் 0.79ஆல் பெருக்கினால் சுமார் 61 கிராம். இங்கிலாந்தில் ஒரு யூனிட் 8 கிராம், வாரத்துக்கு 14 யூனிட் தாண்டாதீங்க என்பது அங்குள்ள அறிவுரை. ரெண்டு குவார்ட்டரிலேயே அந்த வாரம் முடிந்துவிடுகிறது.

"பீர் மட்டும்தான் டாக்டர்" என்பவருக்கும் அதே கணக்கு. 650 மில்லி பாட்டில், லேபிளில் 8% என்றிருந்தால் 41 கிராம். 5% என்றால் 26 கிராம்தான். அத்திப்பள்ளி சரக்கு "லைட்டு" என்றவர் வாங்கியது 90 மில்லி பாக்கெட்டாக இருந்தால் 30 கிராம். ஸ்ட்ரெங்த் குறையவில்லை, அளவுதான் பாதி.

கால் உடைந்து அட்மிட் ஆனவரிடம் "எவ்வளவு குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்பது திட்டுவதற்கு இல்லை. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாளில் பிதற்றல், இல்லாதது தெரிவது எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்து. எத்தனை மில்லி, எத்தனை சதவீதம் என்று கூட இருப்பவராவது உண்மையைச் சொன்னால் நாங்கள் மருந்தோடு தயாராக இருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிடறேன். இந்த எண் எல்லாம் லேபிள் ஒட்டிய பாட்டிலுக்குத்தான். கள்ளச்சாராயத்தை தீக்குச்சி வைத்து கொளுத்தி, நீலமா எரியுது, நல்ல சரக்கு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வெடிமருந்து சோதனையின் தம்பி மாதிரிதான் இது. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். ஹைட்ரோமீட்டர் போட்டாலும் தெரியாது, ரெண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று: 0.789, 0.791. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இந்த மெத்தனால்தான். குடித்த சில மணி நேரம் வெறும் போதை போலத்தான் இருக்கும். அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குவது, பார்வை மங்குவது. கண்ணில் பனி மூட்டம் மாதிரி தெரியுது என்று ஒருவர் சொன்னால் மோர் கொடுத்துக்கொண்டு உட்காராதீங்க, 108ஐக் கூப்பிடுங்க. அதே சரக்கைக் குடித்த மற்றவர்களையும், ஒண்ணும் ஆகலைன்னு சொன்னாலும், கூடவே கூட்டிட்டு வாங்க.