அரைப்புள்ளி வந்த கதையும் முன்னாய்வுகளைத் தொகுக்கும் நீண்ட வாக்கியமும்

இத்தாலியின் வெனிஸ் நகரில் 1496இல் ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சிட்ட ‘டி ஏட்னா’ என்னும் சிறு நூலில்தான் அரைப்புள்ளி (;) முதன்முதலில் அச்சேறியது. காற்புள்ளி போதாமலும் முக்காற்புள்ளி (:) மிகையாகவும் தோன்றிய இடத்துக்காக அது உருவானது. கால், அரை, முக்கால், முற்று என்னும் நம் தமிழ்ப் பெயர்களும் அதே படிநிலையைத்தான் காட்டுகின்றன.

நம் ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை வினைமுற்றே காட்டிவிடும். எச்சமும் உம்மையும் இன்னும் தொடர்கிறது என்று சொல்லும். அச்சு வந்த பிறகுதான் ஐரோப்பியக் குறிகள் தமிழுக்குள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை உரைநடையில் முறையாகக் கையாண்டு பரப்பியவர் ஆறுமுக நாவலர் (1822–1879) என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது.

இந்த வரலாறு தெரிந்தால் விதி தானாகப் புரியும். ஆய்வேட்டில் முன்னாய்வுகளைத் தொகுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவாங்க:

“எல்லிஸ் 1816இல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என வாதிட்டார், கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார், பரோ, எமனோ 1961இல் வேர்ச்சொல் அகராதி வெளியிட்டனர்.”

எல்லாமே காற்புள்ளி. ‘பரோ’வுக்குப் பின்னுள்ள குறி ஆய்வைப் பிரிக்கிறதா, ஆசிரியர்களைப் பிரிக்கிறதா? புதிதாகப் படிப்பவர் பரோவைத் தனி ஆய்வாக எண்ணி, அகராதியை எமனோவுக்கு மட்டும் உரியதாக்கிவிடலாம். ஒருவர் உழைப்பு இன்னொருவர் கணக்கில் போய்விடும். இப்படித் திருத்துவோம்:

“திராவிட மொழி ஆய்வில் மூன்று படிகள் தெரிகின்றன: எல்லிஸ் 1816இல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என வாதிட்டார்; கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார்; பரோ, எமனோ 1961இல் வேர்ச்சொல் அகராதி வெளியிட்டனர்.”

முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள பகுதி தனியாகவே முழு வாக்கியமாக நிற்கிறது. பின்னால் வருவது அதன் விரிவு. “மூன்று என்று சொன்னீங்களே, எவை?” என்ற கேள்விக்கு விடை. அரைப்புள்ளி ஆய்வுகளைப் பிரிக்கிறது. காற்புள்ளி ஓர் ஆய்வுக்குள் பெயர்களை மட்டும் பிரிக்கிறது. அடைப்புக்குறிக்குள் மேற்கோள் காட்டும்போதும் இதே வேலைப் பிரிவினைதான்: (எல்லிஸ், 1816; கால்டுவெல், 1856).

எங்கே தவறுகிறது? “எல்லிஸ் வாதிட்டதை ஏற்று; கால்டுவெல் விரித்தார்” என்று எழுதுவதில்தான். ‘ஏற்று’ வினையெச்சம். அதற்குப் பின் காற்புள்ளி போதும், அரைப்புள்ளி வராது. ஆகவே, வாக்கியத்துக்குள் முழு எண்ணங்களைப் பிரிக்க அரைப்புள்ளி இடுமுன் அதற்கு முந்திய சொல்லைப் பாருங்க. அங்கே முற்றுப்புள்ளி வைத்தாலும் வாக்கியம் நிற்கும் என்றால் அரைப்புள்ளியும் நிற்கும். ஓலையில் படித்தவர்கள் நம்பியதும் அந்த வினைமுற்றைத்தான்.