முப்பத்தைந்தில் ஒரு பங்கு

ஐந்து எண்கள்: -3, 12, 17, 12, -3. கூட்டினால் 35 வரும். இந்த ஐந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நீண்ட அளவீட்டு வரிசையின்மேல் நடந்து போகலாம். எந்தப் புள்ளியில் நிற்கிறோமோ அதை 17-ஆல் பெருக்க வேண்டும். இருபுறமும் பக்கத்தில் இருப்பவற்றை 12-ஆலும், அடுத்தடுத்து இருப்பவற்றை -3-ஆலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 35-ஆல் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் அந்தப் புள்ளியின் புதிய மதிப்பு. பிறகு ஒரு அடி முன்னால் போய் அதையே மறுபடி செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

உலகின் எந்த வேதியியல் ஆய்வகத்திலும் இது தினமும் நடக்கிறது. நான் நிறமாலைகளோடு மல்லுக்கட்டும் ஆள் என்பதால் எனக்கு இது பழக்கப்பட்ட பொத்தான். ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, குறிப்பாக அந்த -3 ஏன் என்று தேடிப் போனபோது, கதை வேதியியலில் ஆரம்பிக்கவே இல்லை என்று தெரிந்தது.

முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியின் அளவீட்டிலும் இரைச்சல் இருக்கும். உண்மையான மதிப்பு 10 என்றால் ஒருமுறை 10.3, இன்னொருமுறை 9.6 என்று ஆடும். யாருக்கும் உடனே தோன்றும் வைத்தியம் நகரும் சராசரி: ஐந்து ஐந்து புள்ளிகளாக எடுத்துச் சராசரி போட்டு, அதை நடுப்புள்ளிக்குக் கொடுத்துவிடுவது. ஆட்டம் அடங்கும், உண்மைதான். ஆனால் கூடவே வேறொன்றும் நடக்கும். இரைச்சலே இல்லாத ஒரு சின்ன மேட்டை எடுத்துக்கொள்வோம்: 6, 9, 10, 9, 6. சராசரி போட்டால் உச்சி 10 அல்ல, 8. இரைச்சல் துளியும் இல்லாத இடத்தில்கூட ஐந்தில் ஒரு பங்கு உயரத்தைச் சராசரி சீவி எடுத்துவிட்டது. நிறமாலையில் உச்சியின் உயரம்தான் பொருளின் அளவைச் சொல்கிறது. அதைச் சீவினால் பொய்யான விடைதான் கிடைக்கும்.

இப்போது அதே மேட்டில் நம் ஐந்து எண்களை வைத்துப் பார்ப்போம். -18, 108, 170, 108, -18. கூட்டினால் 350, 35-ஆல் வகுத்தால் சரியாக 10. உச்சி தப்பித்துவிட்டது.

இது மாயம் இல்லை. நகரும் சராசரி ரகசியமாக ஒரு அனுமானம் செய்கிறது. ஐந்து புள்ளிகளின் அகலத்துக்குள் உண்மை ஒரு நேர்கோடுபோலத்தான் போகும், வளையாது என்பது அந்த அனுமானம். மேடு வளைகிறது, அதனால் அடி வாங்குகிறது. மாற்று யோசனை எளிமையானது. அந்தச் சிறிய ஜன்னலுக்குள் தெரியும் ஐந்து புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாகப் போகும் ஒரு பரவளையத்தை வரையலாம். ‘நெருக்கம்’ என்றால், விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் அந்தத் தொகை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைவாக இருப்பது. அந்தப் பரவளையம் நடுவில் காட்டும் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜன்னலை ஒரு புள்ளி நகர்த்தி, புதிய பரவளையம் வரைய வேண்டும்.

ஆயிரம் புள்ளிகளுக்கு ஆயிரம் பரவளையமா? இந்த இடத்தில்தான் கணக்கு நமக்கு ஒரு சலுகை தருகிறது. நடுப்புள்ளியிலிருந்து தூரத்தை x என்று வைத்தால், ஜன்னலில் x-இன் மதிப்புகள் -2, -1, 0, 1, 2. எந்தத் தரவாக இருந்தாலும் இவை மாறாது. சமன்பாட்டைத் தீர்த்தால் நடுவில் வரும் உயரம் இதுதான்:

```
a = (17·Σy − 5·Σx²y) / 35
```

x பூஜ்யமாக இருக்கும் நடுப்புள்ளிக்கு 17 கிடைக்கிறது. பக்கத்துப் புள்ளிக்கு 17-இலிருந்து 5 போய் 12. ஓரத்தில் x² என்பது 4, ஆகவே 17-இலிருந்து 20 போய் -3. அந்த விசித்திரமான கழித்தல் குறி இப்படித்தான் வந்தது. பரவளையத்தை யாரும் வரையவே வேண்டாம். ஐந்து எண்களுக்குள் அது ஒளிந்துகொண்டிருக்கிறது.

வேதியியலாளர்களுக்கு இதைச் சொன்னவர்கள் ஆப்ரஹாம் சாவிட்ஸ்கி, மார்செல் கோலே என்ற இருவர். இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பெர்கின்-எல்மர் என்ற கருவி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கோலே சுவிட்சர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர். வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனியின் வண்ணப் படங்களை அனுப்பியபோது பிழை திருத்தப் பயன்பட்ட குறியீடும் அவருடையதுதான். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1964-இல் ‘அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி’ இதழில் வந்தது. கருவியின் பேனா காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்த காலம் போய், அளவீடுகள் எண்களாகிக் கணினிக்குள் நுழையத் தொடங்கிய நேரம் அது. கட்டுரையில் பக்கம் பக்கமாக அட்டவணைகள் இருந்தன. ஐந்து புள்ளி ஜன்னல் முதல் இருபத்தைந்து புள்ளி ஜன்னல்வரை தயார் எண்கள். அவற்றோடு வளைகோட்டின் சரிவைக் கணக்கிடும் எண்களும் இருந்தன. கணிதம் புரிய வேண்டாம், எண்ணை எடு, பெருக்கு, கூட்டு. அந்த இதழின் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்றானது.

ஆனால் யோசனை புதியதா? இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடம் பழையது.

1866-இல் இத்தாலிய வானியலாளர் ஜியோவன்னி ஸ்கியாபரெல்லி இதே வகை எடைகளைப் பற்றி எழுதியிருந்தார். பதினொரு வருடம் கழித்துச் செவ்வாய் கிரகத்தில் கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னாரே, அவரேதான். 1870-களில் அமெரிக்காவின் இராஸ்டஸ் டி ஃபாரஸ்ட் தானாகவே இதற்கு வந்து சேர்ந்தார். அவரை இழுத்தது ஆயுள் காப்பீடு. எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற அட்டவணையை வைத்துத்தான் பிரீமியம் போட முடியும். ஆனால் கையில் இருக்கும் பதிவுகளில் 43 வயதுக்காரர்களைவிட 44 வயதுக்காரர்கள் குறைவாக இறந்திருப்பார்கள், 45-இல் திடீரென்று ஏறும். ஒரு வயது கூடியதும் சாவு எட்டிப்போனது என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆட்டத்தை அடக்க வேண்டும். குழந்தைப் பருவத்தின் செங்குத்தான சரிவையும் முதுமையின் ஏற்றத்தையும் சீவிவிடக் கூடாது. நிறமாலையின் பிரச்சினை அப்படியே இங்கே இருக்கிறது, பாருங்கள். அங்கே உச்சி என்றால் இங்கே மனிதர்கள்.

டி ஃபாரஸ்டின் எழுத்தை அவர் காலத்தில் அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் இறந்தது 1888-இல். முப்பத்தேழு வருடம் கழித்து, 1925-இல், ஹ்யூ வூல்ஃபெண்டன் என்ற காப்பீட்டுக் கணித நிபுணர்தான் அவரைத் தோண்டி எடுத்து விரிவாக எழுதினார். டி ஃபாரஸ்ட் வாழ்ந்ததும் கனெக்டிகட்டில்தான் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. ஒரே மாநிலம், ஒரே யோசனை. ஆனால் ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் படிப்பதை வேதியியலாளர்கள் படிப்பதில்லை.

பழைய விதையை 1964-இல் பயிராக்கியது அந்தத் தயார் அட்டவணைகள். இடறிய இடமும் அதுவேதான். அவற்றில் சில எண்கள் தவறாக இருந்தன. ஸ்டெய்னியே, டெர்மோனியா, டெல்டூர் என்ற மூவர் அவற்றைத் திருத்தி அதே இதழில் வெளியிட்டது 1972-இல். இடையில் எட்டு வருடம். இத்தனைக்கும் ஒரு அட்டவணையைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். நம் ஐந்து எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் வகுக்கும் எண்ணான 35 வர வேண்டும், வருகிறது. ஒவ்வொன்றையும் அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும்: -12, 12, 0, 12, -12, வருகிறது. வராவிட்டால் அந்த எண்கள் பரவளையத்தைக் காப்பாற்றாது. எங்கிருந்து வந்தன என்று தெரிந்தவருக்குத்தான் இந்தச் சோதனை தோன்றும்.

இன்று அட்டவணை யாரும் பார்ப்பதில்லை. பைத்தானில் இரண்டு வரி:

```python
from scipy.signal import savgol_coeffs
print(savgol_coeffs(5, 2) * 35)
```

அதே எண்கள் திரையில் வரும். அச்சுப்பிழை தொலைந்தது. ஆனால் முறையின் சொந்த எல்லைகள் அப்படியே இருக்கின்றன, அவை எந்தத் திருத்தப்பட்டியலிலும் வராது.

முதல் எல்லை, ஜன்னலைவிடக் குறுகிய உச்சி. 0, 2, 10, 2, 0 என்று ஒரு கூர்மையான உச்சி இருக்கட்டும். கணக்குப் போட்டால் 218-ஐ 35-ஆல் வகுத்து 6.23 வரும். சராசரி தரும் 2.8-ஐவிட மேல்தான், ஆனாலும் உச்சி போய்விட்டது. ஜன்னல் அந்த உச்சியிலிருந்து இரண்டு புள்ளி தள்ளி நிற்கும்போது தெரிவது 0, 0, 0, 2, 10. அப்போது விடை -0.17. ஒன்றுமே இல்லாத சமதளத்தில் ஒரு குழி! ஒளியை உறிஞ்சாத இடத்தில் எதிர்மறை உறிஞ்சல். நாம் வரைந்து தூக்கிப் போட்ட பரவளையத்தின் நிழல் அது.

இரண்டாவது எல்லை, வரிசையின் முனை. நடுவில் நிற்கும் புள்ளிக்கு இரு பக்கமும் சாட்சி இருக்கிறது. கடைசிப் புள்ளிக்கு ஒரு பக்கம் வெறுமை. கடைசி ஐந்து புள்ளிகளில் வரைந்த பரவளையத்தை முனையில் படித்தால் எடைகள் 3, -5, -3, 9, 31 என்று மாறிவிடுகின்றன, எல்லாம் 35-இன் கீழே. கடைசிப் புள்ளி ஏறக்குறைய தன்னைத் தானே நம்பிக்கொள்கிறது. நடுவில் இரைச்சல் சுமார் 70 சதவீதமாகக் குறையும். முனையில் 94 சதவீதம் அப்படியே மிஞ்சும். ஆனால் படத்தில் கோடு முனைவரை ஒரே மாதிரி வழவழவென்றுதான் தெரியும். நோய்ப் பரவலோ விலைவாசியோ, நமக்குத் தெரிய வேண்டியது எப்போதும் அந்தக் கடைசிப் புள்ளி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான். மிக முக்கியமான கேள்விக்கு இந்த முறை மிகப் பலவீனமான பதிலைச் சொல்கிறது, அதுவும் அதே நம்பிக்கையான குரலில்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றுதான். மூலத் தரவிலிருந்து வழவழப்பான கோட்டைக் கழித்து, மிச்சத்தைத் தனியாக வரைந்து பார்ப்பேன். அது உருவமில்லாத தூசுபோல இருந்தால் சரி, நீங்கியது இரைச்சல்தான். உச்சிகள் இருந்த இடங்களில் மட்டும் மிச்சத்திலும் குட்டிக் குட்டி மேடுகள் தெரிந்தால் இரைச்சலோடு சேர்த்து உண்மையையும் வழித்துவிட்டோம் என்று அர்த்தம். ஜன்னலைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் இரைச்சல் கூடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எவ்வளவு சுருக்கலாம் என்று அந்த எண்கள் சொல்லாது. நாம் தேடும் பொருளின் உச்சி எவ்வளவு அகலம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் சொல்ல முடியும். டி ஃபாரஸ்டும் அட்டவணையைத் தொடும் முன்பே ஒன்றை நம்பியிருந்தார்: 43-க்கும் 45-க்கும் நடுவில் சாவு அப்படித் துள்ளாது.