போன் பேசாமல், பேரம் பேசாமல் சைடு இன்கம்: ஸ்டாக் போட்டோ விற்பது எப்படி?

புது நம்பரிலிருந்து போன் வந்தாலே எடுக்கத் தயங்குவார்கள் சிலர். “கொஞ்சம் குறைச்சுக்கோங்க”ன்னு யாராவது கேட்டால், பாதி விலைக்கே கொடுத்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு ட்யூஷனோ ஆன்லைன் சேலை வியாபாரமோ சரிப்பட்டு வராது. ஸ்டாக் போட்டோ விற்பது ஓரளவு பொருந்தும். வாங்குபவர் யாரென்றே நமக்குத் தெரியாது. விலையையும் தளமே முடிவு செய்துவிடும்.

உதாரணத்துக்கு அடோபி ஸ்டாக்கை எடுத்துக்கொள்வோம். contributor.stock.adobe.com தளத்தில் 18 வயது நிரம்பியவர்கள் இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். பதிவுக் கட்டணம் கேட்டு வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால், அது மோசடிதான்.

எதைப் படம் எடுப்பது?

முகம் தெரிகிற படம் என்றால் அந்த நபரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அதுவே பெரிய வேலை! அதனால் பொருட்களோடு நின்றுகொள்வது நல்லது.

வீட்டில் குழிப்பணியாரம் சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் வெளிச்சத்தில் கல்லோடு ஒரு படம், தட்டில் சட்னியோடு ஒன்று, மேலிருந்து ஒன்று எடுத்தால் போதும். ஒரே தட்டை இருபது விதமாக எடுத்து அனுப்பினால், ஒரே மாதிரி இருக்கிறது என்று நிராகரிப்பார்கள். பின்னால் எண்ணெய் பாக்கெட்டின் பிராண்டு பெயர் தெரிந்தாலும் அதே கதிதான்.

படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்க வேண்டும். இன்றைய போன்களுக்கு இது சாதாரணம். ஆனால் லேப்டாப்புக்கு மாற்ற வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால், அளவு சுருங்கிவிடும். கேபிளில் மாற்றுங்கள். அனுப்பும் முன் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ, பணியாரத்தின் விளிம்பு மங்கலாக இருந்தாலோ அனுப்ப வேண்டாம்.

அடுத்தது கீவேர்டு. வாங்குபவர் தேடும் சொல் இதில் இல்லையென்றால், படம் அவர் கண்ணிலேயே படாது. 49 கீவேர்டு வரை கொடுக்கலாம். முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம். paniyaram என்று மட்டும் போட்டால், அந்தப் பெயர் தெரியாதவர் தேட மாட்டார். south indian breakfast, rice dumpling, cast iron pan போன்றவற்றையும் முன்வரிசையில் சேருங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

விற்பனையில் 33 சதவீதம் நமக்கு. கேட்க நன்றாக இருந்தாலும், சந்தாதாரர் ஒருவர் டவுன்லோடு செய்தால் பெரும்பாலும் சில பத்து சென்ட்தான் வரும். கணக்கில் 25 டாலர் சேர்ந்த பிறகே பணத்தை எடுக்க முடியும். டவுன்லோடுக்கு 33 சென்ட் என்று வைத்தால், 76 டவுன்லோடு வேண்டும். பத்து படங்களோடு நிறுத்தியவருக்கு இது வருஷக்கணக்கில் இழுக்கலாம். மாதச் செலவுக்கு இதை நம்பி இருக்க முடியாது.

பணம் பேபால் போன்ற சேவைகள் வழியாக வரும். அதற்கு முன் தளத்திலேயே W-8BEN என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். இங்கே வருமான வரிக் கணக்கிலும் இந்தத் தொகையைக் காட்ட வேண்டும்.