உப்புக்கு இடம் குறிக்காத வரைபடம்: பாலாற்றுத் தோல் ஆலைகளும் திட்டமிடலின் வரிசையும்

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டியே தோல் தொழில் வளர்ந்தது. வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலைச் சாலையில் உள்ள கணியம்பாடி அந்த வரிசைக்குச் சற்று வெளியே நிற்கிறது. அங்கே புதிய ஆலை ஒன்று வருவதாக வைத்துக்கொண்டால், அதன் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது எது? கடைசியில் மிஞ்சும் உப்பும் சேறும் எங்கே போகும் என்பதைத்தான் குறிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கட்டடத்தின் இடம், அளவு, தரையின் சாய்வு எல்லாம் அதற்குப் பிறகே முடிவாக வேண்டும்.

பாலாற்றங்கரையில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. ஆலைகள் முதலில் வந்தன; அவற்றின் கழிவு பற்றிய கேள்வி பிறகே நீதிமன்றத்துக்கு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக அதில் பதிவாகியுள்ளது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் கரிமக் கழிவையும் குரோமியத்தையும் நீக்கவே வடிவமைக்கப்பட்டன. நீரில் கரைந்த உப்பு அவற்றைத் தாண்டி அப்படியே வெளியேறியது. நுண்ணுயிர்கள் உப்பைத் தின்பதில்லை.

அந்த உப்பு எவ்வளவு என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஓர் ஆலை நாளொன்றுக்கு 10 டன் உப்புத்தோலை எடுக்கிறது. டன்னுக்கு 35 கன மீட்டர் தண்ணீர் என்றால், நாள்தோறும் 350 கன மீட்டர் கழிவுநீர். லிட்டருக்கு 10 கிராம் கரைந்த திடப்பொருள் என்று கொண்டால், அதில் 3.5 டன் இருக்கும். ஆர்.ஓ. சவ்வுகள் முக்கால் பங்கு நீரை மீட்டுத் தருகின்றன. மிச்சம் 87.5 கன மீட்டர்தான். ஆனால் உப்பு அதே 3.5 டன். அதை ஆவியாக்கியில் வற்றவைத்தாலும் 3.5 டன்னே. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 1,050 டன். கன மீட்டருக்கு ஒரு டன் என்று கொண்டு இரண்டு மீட்டர் உயரத்துக்குக் குவித்தால், பத்தாண்டில் 1.3 ஏக்கர் தேவை. பல பொருள்கள் கலந்த அந்த உப்பை வாங்க ஆள் கிடைப்பது அரிது. இவ்வளவுக்கும் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். நிலம் வாங்குவதற்கு முன்பே இதைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இந்தக் கணக்கு முன்கூட்டியே கையில் இருந்தால் கட்டுமானமே மாறிவிடும். தோலை ஊறப்போடும் முன் உப்பை உதறி எடுக்க ஒரு தனிக் கூடம் வேண்டும். ஊறல் நீருக்கு ஒரு வடிகால், சுண்ணாம்பு நீருக்கு இன்னொன்று, குரோம் நீருக்கு மூன்றாவது என்று தரையைச் சாய்க்க வேண்டும். ஊறல் நீரைச் சூரிய ஆவித்தொட்டிக்குத் தனியே அனுப்பினால், மற்ற நீரின் உப்புச்சுமை வெகுவாகக் குறையும். குரோம் நீர் தனியே வந்தால், மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். மூன்றும் ஒரே கால்வாயில் விழுந்தால் சேறு முழுதும் குரோம் ஏறி வயலுக்கு உதவாமல் போகும். சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரோடு அமில நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் தரையை உடைத்து வடிகால்களைப் பிரிப்பதற்கு எந்த உரிமையாளரும் எளிதில் துணிவதில்லை. சிறிய ஆலைகளில் அதற்கு இடமும் இல்லை. அவர்கள் சொல்லும் இந்தக் காரணம் உண்மையானது. தொடக்கத்திலேயே பிரித்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்றும் ஆகிறது.

சேற்றுக்கு இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இராணிப்பேட்டை கண்டது. 2015 ஜனவரி 31 அன்று, சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தனர். சுவரின் வலிமையைப் பற்றி மட்டும் கேட்பது போதாது. அத்தனை சேறு ஏன் அங்கே தேங்கிக் கிடந்தது என்றும், தொழிலாளர்கள் உறங்கும் இடம் ஏன் அதற்கு அருகில் அமைந்தது என்றும் கேட்க வேண்டும். இவை இரண்டும் இட வரைபடத்தில் விடை காண வேண்டிய கேள்விகள்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தோல் பதனிடும் ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அடங்கும். முன்னனுமதி பெறாமல் கட்டுமானம் தொடங்கக் கூடாது என்பதே அதன் விதி. எனினும், மிஞ்சும் உப்பு முதலாம் ஆண்டில் எங்கே இருக்கும், பத்தாம் ஆண்டில் எங்கே இருக்கும் என்று எடையோடும் இடத்தோடும் ஒரு பக்கம் எழுதாத அறிக்கையை மதிப்பீடு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. முழுத் தீர்வு ஆலையின் மதிலுக்குள் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உப்பு ஏறுவது தோல் உரிக்கும் இடத்திலேயே. அங்கிருந்து குளிரூட்டிய வண்டிகளில் தோல் வராதவரை, உதறல் கூடம் சுமையின் ஒரு பங்கைத்தான் குறைக்கும்.

கணியம்பாடி வட்டாரத்தில் நாகநதியை மீட்க நூறு நாள் வேலைத் திட்டத்தின்கீழ் நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டப்பட்டுள்ளன. மழைநீரைத் தாமதமின்றி நிலத்துக்குள் இறக்குவதே அவற்றின் வேலை. மேட்டில் உப்புக்குவியல் ஒன்று கூரையின்றிக் கிடந்தால், அதில் கரைந்து வரும் நீரையும் அவை அதே வேகத்தில் உள்ளே இறக்கிவிடும். ஆகவே, அங்கே வரும் எந்தத் திட்டத்தின் முதல் வரைபடத்திலும் ஒவ்வொரு செறிவூட்டும் கிணறும், அதை நோக்கி மழைநீர் ஓடும் திசையும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.