ஹக்கிள்பெரி ஃபின்னும் ஏஜெண்டின் கைப்பையும்

நாவலாசிரியர்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்த நாவல்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்களைப் பற்றி யாரும் அவ்வளவாக அக்கறை காட்டியதில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அவர்களிடம் ஒரு தனிப் பாசம் உண்டு. ஆகவே, இந்தக் கட்டுரையில் ஒரு பெரிய நாவலின் கதையை விட்டுவிட்டு, அதை விற்கப் போனவனுடைய பைக்குள் என்னென்ன இருந்தன, அவற்றில் எது அவனைக் காப்பாற்றியது, எது காலை வாரிவிட்டது என்பதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நாவல், மார்க் ட்வெயின் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்'. காலம் 1884-ஆம் வருஷத்தின் பிற்பகுதி. இடம் அமெரிக்கா.

அந்நாளில் அமெரிக்காவில் புத்தகங்கள் இரண்டு வழிகளில் விற்பனையாயின. ஒன்று, நமக்குத் தெரிந்த கடை வழி. மற்றொன்று ஏஜெண்டு வழி. கிராமத்துக் குடியானவனுக்குப் புத்தகக் கடை எங்கோ தொலைவில் இருந்தது. அவன் வாசலுக்கே ஓர் ஆள் வந்து, இன்னும் அச்சாகாத புத்தகத்துக்கு ஆர்டர் எழுதிக்கொண்டு போவான். பல மாதங்கள் கழித்துப் புத்தகத்தோடு வந்து பணம் வாங்கிக்கொள்வான். பள்ளிக்கூட வாத்தியார்கள், விதவைகள், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ஆகியோரெல்லாம் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். மார்க் ட்வெயினின் பேர்பெற்ற புத்தகங்கள் பலவும் இப்படித்தான் விற்றன. 1884-ல் அவரே ஒரு பதிப்பகம் தொடங்கி, தம் சகோதரியின் மருமகனான சார்லஸ் வெப்ஸ்டரின் பெயரில் நடத்தினார். அந்தப் பதிப்பகத்தின் முதல் சரக்கு 'ஹக்கிள்பெரி ஃபின்'.

ஏஜெண்டின் பையில் இருந்த முக்கியமான பொருள் ஒன்றே ஒன்றுதான். அதற்கு 'பிராஸ்பெக்டஸ்' என்று பெயர். பார்வைக்கு அது முழுப் புத்தகம் மாதிரியே இருக்கும். பிரித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். முன்பகுதியில் நாவலிலிருந்து பொறுக்கி எடுத்த சில பக்கங்கள், படங்களோடு. இந்தப் பக்கங்கள் தொடர்ச்சியாக இரா. சுவையான இடம் வரும். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் வேறு ஓர் அத்தியாயத்தின் நடுவே நிற்போம். 'அப்புறம் என்ன?' என்று கேட்க வைப்பதுதான் நோக்கம். எட்வர்ட் கெம்பிள் என்ற இளம் ஓவியர் நாவலுக்கு 174 படங்கள் போட்டிருந்தார். புத்தகம் வாங்கிப் பழக்கமில்லாத வீடுகளில் எழுத்தைவிடப் படமே அதிகம் பேசும் என்பது ஏஜெண்டுக்குத் தெரியும்.

அட்டையே துணி பைண்டுக்கு மாதிரி. தோல் பைண்டு வேண்டுகிறவர்களுக்காக, தோல் முதுகுகளின் துண்டுகளை உட்புறத்தில் ஒட்டியிருப்பார்கள். வாங்குகிறவர் விரலால் தடவிப் பார்க்கலாம். அடுத்து விலைப்பட்டியல்: துணி பைண்டு 2 டாலர் 75 சென்ட், ஆட்டுத் தோல் 3 டாலர் 25 சென்ட், முதுகும் மூலைகளும் மட்டும் உயர்ந்த தோலில் அமைந்தது 4 டாலர் 25 சென்ட். சாதாரணத் துணி அட்டை பச்சை நிறம். ஆனால் முன்பே வந்த 'டாம் சாயர்' நீல அட்டையில் இருந்ததால், அதற்கு ஜோடியாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நீலமும் கிடைக்கும் என்று ஒரு குறிப்பு. வீட்டு அலமாரியை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய குறிப்பு அது.

கடைசியில் வெறும் கோடு போட்ட பக்கங்கள். இவைதாம் ஆர்டர் புத்தகம். பெயர், விலாசம், எந்த பைண்டு என்பதை வாங்குகிறவரே தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மாதிரி, விலை, ஆர்டர் மூன்றும் ஒரே அட்டைக்குள் இருந்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படத்தைப் பார்த்து மகிழ்ந்த கண், பைண்டைத் தடவிய கை, அப்படியே கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். நடுவில் இன்னொரு காகிதத்தைத் தேடி ஏஜெண்டு பையைக் குடைந்துகொண்டிருந்தால், அந்த இடைவெளியில் வீட்டுக்காரருக்கு மனம் மாறிவிடலாம்.

இதே பதிப்பகம் அடுத்த வருஷம், 1885-ல், தன் ஏஜெண்டுகளுக்கு ஒரு சின்னக் கையேடு அச்சிட்டுக் கொடுத்தது. புத்தகத்தை எடுத்ததும் நீட்டிவிடாதே. மறைத்து வைத்திருந்து, பேச்சு சூடேறிய பிறகு எடு. எடுத்தாலும் உன் கையைவிட்டுக் கொடுக்காதே என்பது அதன் உபதேசம். கூட்டமாக நிற்கிறவர்களிடம் போகாதே என்றும் சொன்னது. ஒருவன் வேண்டாமென்றால் மற்றவர்களும் அதையே சொல்வார்கள் அல்லவா? தோற்றுப்போன குரலில் பேசாதே என்பது இன்னொன்று. அந்தக் குரலுக்கு, 1861-ல் வடவர் படை தோற்றோடிய 'புல் ரன்' போர்க்களத்தின் பெயரையே வைத்திருந்தார்கள்.

இனி, இந்தப் பை எப்படிக் காலை வாரியது என்பதைப் பார்ப்போம்.

முதல் அடி மாதிரியில் விழுந்தது. 1884 நவம்பரில் பிராஸ்பெக்டஸுகள் ஏஜெண்டுகளின் கைக்குப் போய்விட்டன. அப்புறம்தான் ஒரு பயங்கரம் தெரியவந்தது. சைலஸ் மாமா என்ற பெரியவர் நிற்கும் படத்தில், அச்சுத் தகட்டை யாரோ விஷமி சற்றே சுரண்டி, பெண்கள் எதிரில் எடுக்க முடியாத ஆபாசப் படமாக்கியிருந்தான். சிறிய கீறல்தான். ஒப்புநோக்கியவர்கள் எழுத்துப் பிழையைத் தேடினார்களே ஒழிய, ஒருமுறை சரியாக இருந்த படத்தை மறுமுறை யார் பார்க்கப் போகிறார்கள்? சுமார் 250 பிரதிகள் வெளியே போய்விட்டதாகப் பதிப்பகம் சொல்லியது. அந்தப் பக்கத்தை அகற்றச் சொல்லி ஏஜெண்டுகளுக்குச் செய்தி பறந்தது. குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பவருக்கு 500 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். அச்சாகியிருந்த புத்தகங்களிலும் அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து வேறு பக்கம் ஒட்டவேண்டியிருந்தது.

நினைத்துப் பாருங்கள். ஒரு கிராமத்துப் பாதிரியாரின் கூடத்தில், அவருடைய மனைவியும் மக்களும் சூழ்ந்திருக்க, அந்தப் பக்கத்தைப் புரட்டிய ஏஜெண்டு எப்படி நின்றிருப்பான்? தவறு எங்கோ அச்சுக்கூடத்தில்; முகத்தில் அறைந்தாற்போல் கதவு சாத்தப்படுவது அவனுக்கு. வெளியூருக்குப் போகும் முன்பு மாதிரியைப் பக்கம் பக்கமாக, படம் உள்பட, தானே புரட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற பாடத்தை அவனைவிட யார் நன்றாகக் கற்றிருக்க முடியும்?

இரண்டாவது அடி விலைப்பட்டியலில். புத்தகம் இன்னும் வெளிவரவில்லை. அதற்குள் பாஸ்டன் நகரத்தில் எஸ்டிஸ் அண்டு லாரியட் என்ற கடை தன் விலைப்பட்டியலில், 2 டாலர் 75 சென்ட் புத்தகம் 2 டாலர் 25 சென்டுக்குக் கிடைக்கும் என்று போட்டுவிட்டது. ஏஜெண்டு முழு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, எதிரில் இருப்பவர் கடைக்காரரின் பட்டியலைக் காட்டினால் அவன் என்ன சொல்வான்? மார்க் ட்வெயின் கோர்ட்டுக்குப் போனார்; தோற்றார். வெளியே அதே பொருளுக்கு இன்னொரு விலை உலவத் தொடங்கிவிட்டால், கையிலுள்ள விலைப்பட்டியல் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் வெறும் காகிதம்தான்.

மூன்றாவது ஆபத்து ஆர்டர் பக்கத்தில் ஒளிந்திருந்தது. அது சத்தம் போடாத ஆபத்து. 40,000 ஆர்டர்கள் சேரும் வரை புத்தகத்தை வெளியிடக்கூடாது என்பது மார்க் ட்வெயினின் கட்டளை. இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலேயே வெளிவந்த நாவல், அமெரிக்காவில் 1885 பிப்ரவரியில்தான் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பு உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டவர், பிப்ரவரிக் குளிரில் ஏஜெண்டு புத்தகத்தோடு வந்து நிற்கும்போது, "நானா? எப்போது?" என்று கேட்கக்கூடும்.

அதனால் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தொழிலில் ஏஜெண்டின் கமிஷன் ஊருக்கு ஊர் மாறும். நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். துணி பைண்டுப் பிரதி ஒன்றுக்கு அவன் பதிப்பகத்துக்குக் கட்டவேண்டியது 1 டாலர் 65 சென்ட். அவனுக்கு மிஞ்சுவது 1 டாலர் 10 சென்ட். பத்து ஆர்டர் பிடித்தால் 11 டாலர் லாபம் என்று மனப்பால் குடிப்பான். பத்துப் பிரதிகளுக்கும் 16 டாலர் 50 சென்ட் கட்டி வரவழைக்கிறான். இருவர் மட்டும் வாங்க மறுத்துவிடுகிறார்கள். எட்டுப் பேரிடம் வசூலாவது 22 டாலர். கையில் நிற்பது 5 டாலர் 50 சென்டும், விலை போகாத இரண்டு புத்தகங்களும். பத்தில் இருவர் பின்வாங்கினால் லாபத்தில் சரிபாதி போய்விடுகிறது! வாங்குகிறவர் தம் கையாலேயே எழுதவேண்டும் என்று ஏன் அவ்வளவு வற்புறுத்தினார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? "இது உங்கள் கையெழுத்துத்தானே, ஐயா?" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதைத் தவிர, அந்த ஏழையிடம் வேறு ஆயுதம் இல்லை.

இத்தனை பலவீனங்கள் இருந்தும் இந்தப் பை ஒரு குடும்பத்தைக் கரையேற்றியது. நான் மேலே சொன்ன கையேடு, ஜனாதிபதியாக இருந்த ஜெனரல் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை விற்பதற்காக எழுதப்பட்டது. 1884-ல் கூட்டாளியின் மோசடியால் அவர் சொத்தெல்லாம் போயிற்று. தொண்டையில் புற்றுநோய் வேறு. மனைவிக்கு ஏதாவது விட்டுச் செல்லவேண்டும் என்று, வலியோடு எழுதி முடித்தார். 1885 ஜூலை 23-ல் காலமானார். முதல் பாகம் டிசம்பரில் வெளிவந்தது. அவர் கீழே போரிட்ட பழைய சிப்பாய்கள் பலர் பிராஸ்பெக்டஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட செட்டுகள் விற்றன. 1886 பிப்ரவரியில் திருமதி கிராண்டுக்குக் கிடைத்த முதல் செக்கின் தொகை 2 லட்சம் டாலர்.

அதே பதிப்பகம் 1894-ல் திவாலாயிற்று. பல காரணங்களில் ஒன்று, அமெரிக்க இலக்கியத் தொகுதி ஒன்று. பதினொரு பாகங்கள், தவணை முறையில் விற்பனை. ஏஜெண்டுகள் ஆர்டர்களைப் பிடித்துக்கொண்டேயிருந்தார்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் பதிப்பகம் உடனே காகிதத்துக்கும் அச்சுக்கும் பைண்டுக்கும் கமிஷனுக்கும் பணம் கொடுக்கவேண்டும். வாங்கியவரோ மாதாமாதம் சில டாலர்கள் கொடுப்பார். விற்க விற்கக் கடன் ஏறியது. ஏஜெண்டின் பையில் ஆர்டர் பக்கங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோதே, பதிப்பகத்தின் பணப்பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது.