நாமினி இல்லாத அஞ்சலகச் சேமிப்பு: வாரிசுகள் பணம் பெறும் முறை

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை, தேசிய சேமிப்புப் பத்திரம் ஆகியவற்றில் பணம் போட்டவர் நாமினி எழுதாமல் இறந்தால், அந்தப் பணம் அவருடைய சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேரும். எழுதிய நாமினி அவருக்கு முன்பே இறந்து, வேறு பெயர் பதியப்படாமல் இருந்தாலும் நிலை இதுவே. இறந்த நாமினியின் வாரிசுகளுக்கு அந்த நியமனத்தால் உரிமை எதுவும் வராது. 1873ஆம் ஆண்டின் அரசுச் சேமிப்பு ஊக்குவிப்புச் சட்டமும் 2018ஆம் ஆண்டின் பொது விதிகளும் இதற்கு அடிப்படை. கூட்டுக் கணக்கில் ஒருவர் உயிரோடிருந்தால் பணம் அவருக்குப் போகும். இந்த நடைமுறை தேவைப்படாது.

இரண்டு வழிகள்

வாரிசுகள் நீதிமன்றத்தில் இறங்குரிமைச் சான்றிதழோ, உயில் இருந்தால் அதன் மெய்ப்பிதழோ பெற்றுக் கொடுக்கலாம். இந்த வழியில் தொகைக்கு வரம்பு இல்லை. அப்படிப்பட்ட சான்று இல்லையென்றால், இறப்பு நாளிலிருந்து 6 மாதம் கழிந்த பிறகு, 5 லட்சம் ரூபாய் வரை அஞ்சலகமே விசாரித்து வழங்கலாம்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ் வேறு. முன்னது வாரிசுகள் யார் யார் என்று காட்டும். 5 லட்சத்துக்குள்ளான கோரிக்கைக்குத் துணையாக இருக்கும். அந்த வரம்பைத் தாண்டிய தொகையை அதை மட்டும் வைத்துப் பெற முடியாது. பின்னது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவர் கடைசியாக வசித்த பகுதிக்குரிய நீதிமன்றத்தில் மனுச் செய்து பெறுவது.

ஆவணங்கள்

கோரிக்கைப் படிவத்துடன் இறப்புச் சான்றிதழ், பாஸ்புக் அல்லது பத்திரம், கோருபவரின் அடையாள, முகவரிச் சான்றுகள் வேண்டும். இவற்றோடு வாரிசுகளைக் குறிப்பிடும் பிரமாணப் பத்திரம், பணம் வாங்காத மற்ற வாரிசுகள் தரும் உரிமை விட்டுக்கொடுப்பு உறுதிமொழி, ஜாமீன்தாரர்கள் கையெழுத்திட்ட ஈட்டுறுதிப் பத்திரம் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். பின்னாளில் வேறு வாரிசு முளைத்தால் அஞ்சலகத்துக்கு இழப்பு வராமல் பார்த்துக்கொள்வதாக ஏற்பதே ஈட்டுறுதிப் பத்திரம்.

ஓர் எடுத்துக்காட்டு

திருவையாறு வட்டத்து விவசாயி ஒருவர் 2020 ஜூனில் 2 லட்சம் ரூபாய்க்குத் தேசிய சேமிப்புப் பத்திரம் எடுத்து, மனைவியை நாமினியாகப் போட்டதாகக் கொள்வோம். மனைவி அவருக்கு முன்பே இறந்துவிட்டார். விவசாயி 2025 ஜனவரியில், சம்பா அறுவடையின்போது இறந்தார். அன்றைய 6.8 சதவீத வட்டியில் பத்திரம் 2025 ஜூனில் முதிர்ந்து சுமார் 2,77,900 ரூபாயாகிறது. தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால், 6 மாதம் கழிந்து ஜூலையில் நீதிமன்றச் சான்று இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

அவருக்குத் தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் முன்பே இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் மகளும் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய்க்கும் மகனுக்கும் மகளுக்கும் தலா கால் பங்கு, அதாவது சுமார் 69,475 ரூபாய். மீதிக் கால் பங்கை மருமகளும் பேத்தியும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கில்லை என்பதோ, மகன் இறந்ததால் மருமகளுக்கு எதுவும் இல்லை என்பதோ சட்டத்தில் கிடையாது. தாயின் பெயரை விட்டுவிடுவதும் அடிக்கடி நேரும் பிழை.

தடைபடும் இடங்கள்

கிராமத்துக் கிளை அஞ்சலகம் மனுவை வாங்கி மேலே அனுப்பும். அனுமதி தருவது, தொகையைப் பொறுத்து, அதற்குரிய அதிகாரம் உள்ள மேல் அலுவலர். பாஸ்புக்கில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் வேறு இனிஷியல் என்றிருந்தால் மனு திரும்பி வரும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வாரிசு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பது வழக்கம். அவர் தரும் உறுதிமொழிக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறுவது பாதுகாப்பான வழி.

வாரிசுகளில் ஒருவர் கையெழுத்திட மறுத்தால், தொகை சிறிதானாலும் நீதிமன்றம்தான் வழி.

வாங்கியவரின் பொறுப்பு

விதிப்படி பணத்தைக் கொடுத்ததும் அஞ்சலகத்தின் கடமை முடிகிறது. வாங்கியவர் மீது மற்ற வாரிசுகளுக்குள்ள உரிமை அதனால் அழிவதில்லை. நாமினி இருந்தாலும் இதே நிலைதான்: தேசிய சேமிப்புப் பத்திரம் பற்றிய விஷின் கன்சந்தானி வழக்கில், நாமினி பணத்தைப் பெறலாம், ஆனால் அது வாரிசுகளுக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது.

கோராத பணம்

செயலற்றதாக அறிவிக்கப்பட்டு 7 ஆண்டு கோரப்படாத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படும். அதன் பிறகும் 25 ஆண்டு வரை வாரிசுகள் கேட்டுப் பெறலாம். அதற்கும் கேட்காவிட்டால் தொகை மத்திய அரசைச் சேரும்.